கேப்ஸ் லாக் அணையாமல் கிடந்ததா, ஷிப்ட் சிக்கிக்கொண்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீபோர்டைப் பார்த்தே டைப் செய்து முடித்து, நிமிர்ந்து திரையைப் பார்த்தால் `pLEASE CALL rAVI` என்று கிடக்கிறது. கீபோர்டு கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸிலும் லினக்ஸிலும் கேப்ஸ் லாக் போட்டிருக்கும்போது எழுத்துகளுக்கு ஷிப்ட் எதிர்மாறாக வேலை செய்யும். சும்மா தட்டினால் பெரிய எழுத்து வரும், ஷிப்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் சின்ன எழுத்து வரும். நீங்கள் வழக்கம்போல வாக்கியத்தின் முதல் எழுத்துக்கும் பெயரின் முதல் எழுத்துக்கும் ஷிப்டை அழுத்தியிருக்கிறீர்கள். அதனால் பெரிதாக இருக்கவேண்டிய இடமெல்லாம் சின்னதாகவும், சின்னதாக இருக்கவேண்டிய இடமெல்லாம் பெரிதாகவும் விழுந்திருக்கிறது.

மேக் கணினியில் இந்தக் காட்சியே கிடைக்காது. அங்கே கேப்ஸ் லாக் போட்டபின் ஷிப்டை அழுத்தினாலும் பெரிய எழுத்துதான் வரும். முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தாக ஒரு பத்தி வந்து நிற்கும். இந்த வேறுபாடு பின்னால் திருத்தும்போது பெரிய விஷயமாகிவிடும், அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்ஸ் லாக்கா, சிக்கிய ஷிப்டா என்று விழுந்த எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? சில சமயம் எனக்கு வந்திருப்பது வேறொருவர் அனுப்பிய எழுத்து. அவர் கீபோர்டு என் கையில் இல்லை.

பெரும்பாலும் முடியும். எழுத்துகளைப் பார்க்காதீர்கள், எண்களையும் நிறுத்தக்குறிகளையும் பாருங்கள். கேப்ஸ் லாக் எழுத்துகளை மட்டும்தான் தொடும். ஷிப்ட் எல்லாச் சாவிகளையும் தொடும்.

ஒரே வரியை எடுத்துக்கொள்வோம். அடிக்க நினைத்தது இது:

```
Please call Ravi at 4:30 PM, Room 12-B.
```

விண்டோஸிலோ லினக்ஸிலோ கேப்ஸ் லாக் எரிந்தபடி அடித்தால்:

```
pLEASE CALL rAVI AT 4:30 pm, rOOM 12-b.
```

4:30 அப்படியே இருக்கிறது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் தம் இடத்தில் இருக்கின்றன. எழுத்துகள் மட்டும் புரண்டிருக்கின்றன. இதே வரியை அமெரிக்க விசைப்பலகை அமைப்பில் ஷிப்ட் சிக்கியிருக்கும்போது அடித்தால்:

```
PLEASE CALL RAVI AT $:#) PM< ROOM !@_B>
```

இங்கே சின்ன எழுத்து ஒன்றுகூட இல்லை. 4 இருந்த இடத்தில் `$`, காற்புள்ளி இருந்த இடத்தில் `<`, முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் `>` வந்திருக்கிறது. ஒரு ஷிப்ட் ஏற்கெனவே அழுந்தியிருக்கும்போது இன்னொரு ஷிப்டை அழுத்துவதால் எதுவும் மாறாது, அதனால் எழுத்துகள் புரள்வதும் இல்லை.

இரண்டு கோளாறும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் விசித்திரம். ஷிப்ட் சிக்கியிருப்பவர், பெரிய எழுத்தாக வருகிறதே என்று கேப்ஸ் லாக்கைத் தட்டிவிடுவார். அப்போது விண்டோஸில் இப்படி வரும்:

```
please call ravi at $:#) pm< room !@_b>
```

எழுத்துகள் ஒழுங்காகத் தெரிவதால் பலர் எண் சாவிகள்தான் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எழுத்து சரி, எண்கள் மட்டும் குறியாக மாறுகின்றன என்றால் முதலில் ஷிப்டைச் சந்தேகியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸில் பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்குக் கேப்ஸ் லாக் மேல்வரிசை எண் சாவிகளையும் மாற்றும். அவர்கள் அனுப்பிய எழுத்தில் இந்தச் சோதனை செல்லாது.

இவ்வளவு புரண்டு கிடந்தும் படிக்கச் சிரமமே இல்லையே, அது எப்படி?

ஒரு சொல்லை அதன் வெளிவடிவத்தை, அதாவது மேலே நீளும் கோடுகளும் கீழே இறங்கும் வால்களும் சேர்ந்த உருவத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம் என்ற கருத்து நெடுங்காலம் இருந்தது. அது முழு உண்மையாக இருந்தால் `rAVI` என்ற சொல் நம்மைத் தடுமாற வைக்கவேண்டும். ஆனால் நாம் நின்று யோசிக்காமல் ரவி என்று படித்துவிடுகிறோம்.

காரணம், மூளை எழுத்தின் உருவத்தோடு நின்றுவிடுவதில்லை. `A` என்றாலும் `a` என்றாலும் அதே எழுத்துதான் என்ற அடையாளத்துக்கு மிக வேகமாகப் போய்விடுகிறது. சொல்லைத் தேடுவது அந்த அடையாளத்தை வைத்துத்தான். இதை அழகாகக் காட்டிய ஒரு பரிசோதனையை மெக்கான்கி, ஜோலா என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்டார்கள். ஒரு எழுத்து பெரிது, அடுத்தது சின்னது என்று மாறிமாறி அமைந்த வரிகளைத் திரையில் படிக்கக் கொடுத்தார்கள். படிப்பவரின் கண் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவும் அந்த நொடித்துளிக்குள், `ChAnGe` என்பதை `cHaNgE` என்று எல்லா எழுத்தையும் புரட்டிவிட்டார்கள். படித்தவர்கள் மாற்றத்தைக் கவனிக்கவும் இல்லை, அவர்கள் வாசிப்பு தடைப்படவும் இல்லை. ஒரு தாவலிலிருந்து அடுத்த தாவலுக்கு மூளை எடுத்துப்போவது எழுத்தின் உருவப்படத்தை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

சிரமமே இல்லை என்று சொல்வதும் சற்று மிகை. கேப்ஸ் லாக்கில் புரண்ட எழுத்து பெரும்பாலும் பெரிய எழுத்துகளின் வரிசைதான், சொல்லின் தலையில் மட்டும் எப்போதாவது ஒரு சின்ன எழுத்து. முழுதும் பெரிய எழுத்தில் உள்ள பத்தியைப் படிக்கும் வேகம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று மைல்ஸ் டிங்கர் என்ற உளவியலாளர் தம் நீண்டகால ஆய்வுகளில் கண்டார். பெரிய எழுத்துகள் அதிக அகலம் பிடிப்பதால் ஒரு பார்வையில் அடங்கும் எழுத்துகள் குறைகின்றன. இரண்டு வரிச் செய்தியில் இது தெரியாது. நான்கு பக்கம் இப்படி இருந்தால் கண் களைத்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முழுதும் பெரிய எழுத்தாக இருப்பதைவிடப் புரண்ட எழுத்தில் செய்தி அதிகம். வாக்கியம் எங்கே தொடங்குகிறது, எது பெயர் என்பதெல்லாம் அதில் அழியாமல் இருக்கிறது, அடையாளம்தான் இடம் மாறியிருக்கிறது. `CALL rAVI` என்பதில் ரவி ஒரு பெயர் என்று தெரிகிறது. `CALL RAVI` என்பதில் அந்தத் தடயம் போய்விட்டது.

எல்லாருக்கும் புரிகிறதென்றால் திருத்தாமலே அனுப்பிவிடலாமா?

நெருங்கியவர்களுக்கு ஒரு வரி என்றால் அனுப்பலாம் என்பேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. முழுப் பெரிய எழுத்தைக் கத்துவதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஆனால் சொல்லின் தலையில் சின்ன எழுத்தைப் பார்த்ததுமே, இது கேப்ஸ் லாக் செய்த வேலை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் சுருக்கப்பெயர்கள் வரும் இடத்தில் படிப்பவர் உண்மையாகவே ஏமாறலாம். "Come with us to the US" என்று அடிக்க நினைத்தது `cOME WITH US TO THE us` என்று விழும். கண் `US` என்பதை நாடாகவும் `us` என்பதை "எங்களை" என்றும் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். `IT`, `WHO` போன்றவையும் இப்படித்தான், சாதாரணச் சொல்லும் சுருக்கப்பெயரும் ஒன்றுக்கொன்று வேடம் மாற்றிக்கொள்ளும்.

மனிதர் படிக்காமல் கணினி படிக்கப்போகும் எதையும் புரண்டபடி அனுப்பாதீர்கள். இணைய முகவரியில் தளத்தின் பெயர்ப் பகுதி எந்த எழுத்தில் இருந்தாலும் திறக்கும், ஆனால் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் பகுதி பல தளங்களில் எழுத்துப் பேதம் பார்க்கும். லினக்ஸில் `Report.txt` வேறு கோப்பு, `rEPORT.TXT` வேறு கோப்பு. நிரலில் மாறிகளின் பெயர்களும் அப்படியே. விம் எடிட்டரில் கேப்ஸ் லாக் எரிந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே சாவிகளே கட்டளைகள். கீழே இறங்க `j` தட்டுகிறோம் என்று நினைத்து `J` தட்டினால் அடுத்தடுத்த வரிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பக்கம் இப்படியே டைப் செய்துவிட்டேன். அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கணுமா?

ஒரு எழுத்துகூடத் திரும்ப அடிக்கவேண்டாம். புரட்டினால் போதும், அசல் அப்படியே கிடைக்கும்.

ஆஸ்கி குறியீட்டு அட்டவணையில் `A` 65, `a` 97. `B` 66, `b` 98. எந்த எழுத்தை எடுத்தாலும் பெரியதற்கும் சின்னதற்கும் இடைவெளி 32. இருமத்தில் எழுதினால் ஒரே ஒரு பிட்டில்தான் வேறுபாடு. 1963இல் வந்த முதல் ஆஸ்கியில் சின்ன எழுத்துகளே கிடையாது. 1967இல் சேர்த்தபோது இந்த ஒழுங்கோடு அமைத்தார்கள். அந்த ஒரு பிட்டை மாற்றினால் பெரியது சின்னதாகும், மறுபடி மாற்றினால் பழையபடி ஆகும். கேப்ஸ் லாக் ஒருமுறை புரட்டியதை நீங்கள் இன்னொருமுறை புரட்டுகிறீர்கள். இடையில் எதுவும் தொலைவதில்லை.

வேர்டில் புரண்ட பகுதியைத் தேர்ந்தெடுத்து, எழுத்து மாற்றும் `Aa` பொத்தானில் `tOGGLE cASE` என்பதை அழுத்துங்கள். அந்தப் பெயரே புரண்ட எழுத்தில்தான் எழுதியிருக்கும், தேட வசதி. `Shift+F3` அழுத்தினால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது வேறு வேலை செய்யும்: முழுதும் சின்னது, முழுதும் பெரியது, முதலெழுத்து மட்டும் பெரியது என்று சுற்றிவரும். அதை அழுத்தினால் ரவியின் பெரிய `R` எங்கே இருந்தது என்ற தகவல் அழிந்துபோகும். லிப்ரெ ஆபீஸிலும் `tOGGLE cASE` உண்டு. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸில் அதன் பெயர் `iNVERT cASE`. விம்மில் பகுதியைத் தேர்ந்து `~` தட்டவேண்டும்.

முழுக் கோப்பையும் புரட்ட லினக்ஸ், மேக் முனையத்தில்:

```
tr 'A-Za-z' 'a-zA-Z' < wrong.txt > right.txt
```

பைத்தானில்:

```
print("pLEASE CALL rAVI AT 4:30 pm".swapcase())
```

இது `Please call Ravi at 4:30 PM` என்று அச்சிடும்.

புரட்டிப் பார்த்தேன், ஆனாலும் அங்கங்கே தப்பாக இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் தானியங்கித் திருத்தம் இடையில் கைவைத்திருக்கும். "நான்" என்ற பொருளில் நீங்கள் அடித்த `I`, கேப்ஸ் லாக்கில் `i` என்று விழுந்தது. எடிட்டர் அதைப் பார்த்துத் தானே `I` என்று மாற்றிவிட்டது. இப்போது முழுப்பகுதியையும் புரட்டினால் அந்த ஓர் எழுத்து மட்டும் மறுபடி `i` ஆகிவிடும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி இருந்தாலும் இதே கதைதான். புரட்டிய பிறகு வாக்கியத் தொடக்கங்களையும் தனித்து நிற்கும் `i`களையும் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மற்றவற்றில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு.

கேப்ஸ் லாக் எந்த இடத்தில் விழுந்தது என்பதையும் சரியாகப் பிடிக்கவேண்டும். பெரும்பாலும் `A` தட்டப்போன விரல் பக்கத்துச் சாவியில் பட்டிருக்கும், அதனால் `a` வரவேண்டிய ஒரு சொல்லின் நடுவிலேயே தொடங்கியிருக்கும். சில சமயம் அந்த `a`வே விடுபட்டிருக்கும். அந்த இடத்திலிருந்து மட்டும் தேர்ந்தெடுத்துப் புரட்டுங்கள்.

ஜெர்மன் மொழியில் அடிப்பவர்கள் பைத்தானின் `swapcase()` விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டும். `ß` என்ற எழுத்து `SS` ஆகிவிடும், திரும்பப் புரட்டினால் `ss` தான் வரும்.

ஷிப்ட் சிக்கியிருந்தபோது அடித்ததையும் இப்படியே மீட்க முடியுமா?

முழுதாக முடியாது. இங்கே தகவல் உண்மையாகவே தொலைந்திருக்கிறது. `RAVI` என்பதிலிருந்து `R` மட்டும் பெரிது என்று எந்த நிரலும் உறுதியாகச் சொல்ல முடியாது. `$:#)` என்பதை `4:30` ஆக்கவும் யோசனை வேண்டும்: `$`, `#`, `)` மூன்றையும் எண்ணாக மாற்றவேண்டும், ஆனால் `:` உண்மையிலேயே `:` தானா, அல்லது `;` அடிக்கப்போய் அப்படி வந்ததா? இரண்டும் ஒரே சாவி. இந்த இடத்தில் அது நேரம் என்று மனிதர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். எந்தச் சாவி எந்தக் குறியாகும் என்பதும் அமைப்புக்கு அமைப்பு மாறும். பிரிட்டிஷ் அமைப்பில் ஷிப்டோடு 2 தட்டினால் `@` வராது, இரட்டை மேற்கோள் வரும்.

நான் செய்வது இதுதான்: முதலில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதியை ஓடவிட்டு, பிறகு பெயர்களையும் எண்களையும் கையால் திருத்துவது. மேக்கில் கேப்ஸ் லாக்கோடு அடித்த பத்திக்கும் இதுவே வழி. அதில் எண்களும் நிறுத்தக்குறிகளும் மட்டும் தப்பித்திருக்கும்.

நான் தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிறேன். கேப்ஸ் லாக் எரிந்தால் தமிழே குழம்பிவிடுகிறது. அதையும் புரட்டலாமா?

தமிழாக மாறிய பிறகு புரட்ட முடியாது. பல ஒலிபெயர்ப்பு முறைகளில் `l` என்றால் ல, `L` என்றால் ள. `paLLi` பள்ளி, `palli` பல்லி. கேப்ஸ் லாக் எரியும்போது `paLLi` அடித்தால் மென்பொருளுக்குப் போவது `PAllI`. பெரிய `A`, `I` நெடிலைக் குறிக்கும் முறைகளில் அது "பால்லீ" போல ஏதோ ஒன்றாகிவிடும். தமிழ் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது, ஆகவே `swapcase()` அதைத் தொடவே தொடாது. அந்தப் பகுதியைத் திரும்ப அடிப்பதுதான் வழி.

முதலில் ஆங்கில எழுத்திலேயே எழுதிவைத்து, கடைசியில் மொத்தமாக மாற்றுபவர் என்றால் தப்பித்தீர்கள். ஆங்கில வடிவத்தைப் புரட்டிவிட்டுப் பிறகு தமிழாக்குங்கள்.

ஷிப்ட் சாவி மேலேதான் எழும்பி நிற்கிறது, அழுக்கும் இல்லை. ஆனால் சிக்கியது போலவே எல்லாம் வருகிறது.

விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சாவியை அழுத்த முடியாதவர்களுக்கான வசதி அது. ஷிப்டை ஐந்துமுறை தொடர்ந்து தட்டினால் அதைப் போடலாமா என்று ஒரு கேள்விப்பெட்டி வரும். படிக்காமல் ஒத்துக்கொண்டுவிட்டால், அதன்பிறகு ஷிப்டை இருமுறை தட்டினாலே அது பூட்டிக்கொள்ளும். இன்னொருமுறை தட்டினால் பூட்டு விடுபடும். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் நிறுத்திவிடலாம்.

தொலைவுக் கணினியில் இணைந்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு காரணம். நீங்கள் ஷிப்டை அழுத்தியிருந்த நேரத்தில் சாளரம் மாறினால், விரலை எடுத்த செய்தி அந்தப் பக்கம் போய்ச் சேராது. அங்கே ஷிப்ட் அழுந்தியே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சாளரத்துக்குள் வந்து இடது ஷிப்டையும் வலது ஷிப்டையும் ஒவ்வொருமுறை தட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேப்ஸ் லாக்கும் இப்படி இரு பக்கமும் வேறுவேறு நிலையில் நிற்கலாம். உங்கள் கீபோர்டில் விளக்கு அணைந்திருக்க, அந்தப் பக்கம் எழுத்துகள் புரண்டு விழும். அப்போது விளக்கை நம்பாதீர்கள், ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள்.

இது எதுவும் இல்லையென்றால் வேறொரு கீபோர்டைச் சொருகிப் பழையதைக் கழற்றுங்கள். கோளாறு போய்விட்டால் பழைய கீபோர்டின் ஷிப்ட்தான் குற்றவாளி.

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறேன், ஏற்கவில்லை. புள்ளிகள் மட்டும் தெரிவதால் எது விழுகிறது என்று பார்க்க முடியவில்லை.

படிக்கும் கண் மன்னிப்பதைக் கடவுச்சொல் பெட்டி மன்னிக்காது. பயனர் பெயர்ப் பெட்டியில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் அடித்துப் பாருங்கள், மேலே சொன்ன சோதனை அங்கேயே முடிந்துவிடும். 2016இல் டிராப்பாக்ஸ் உள்நுழைவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், எளிதில் திருத்தக்கூடிய கடவுச்சொல் பிழைகளில் எல்லா எழுத்தும் புரண்டுபோவது முன்வரிசையில் இருந்தது.

மறுபடி வராமல் எப்படித் தடுப்பது?

எனக்குப் பிடித்தது, ஷிப்டைத் தட்டினாலே கேப்ஸ் லாக் அணையும்படி விண்டோஸை அமைப்பது. பழைய தட்டச்சுப் பொறிகளில் பூட்டிய ஷிப்ட் இப்படித்தான் விடுபடும். விசைப்பலகையின் மேம்பட்ட அமைப்புகளில், உள்ளீட்டு மொழிக் குறுக்குவிசைகளுக்கான பெட்டியில் `Press the SHIFT key` என்ற தேர்வு இருக்கிறது. கேப்ஸ் லாக் தெரியாமல் விழுந்தாலும், அடுத்த பெரிய எழுத்துக்கு ஷிப்டைத் தொட்டதும் அணைந்துவிடும்.

அதை ஒருபோதும் பயன்படுத்தாதவர்கள் லினக்ஸில் முழுவதுமாகவே நீக்கிவிடலாம். எக்ஸ் திரையமைப்பில் இந்த ஒரு வரி போதும்:

```
setxkbmap -option caps:none
```

மேக்கில் விசைப்பலகை அமைப்புகளுக்குள் மாற்றுச் சாவிகள் பகுதியில் கேப்ஸ் லாக்குக்கு எந்த வேலையும் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கலாம். அங்கே புரட்டி மீட்கும் வாய்ப்பு இல்லாததால், மேக் பயனர்கள் இதை யோசிக்கக் கூடுதல் காரணம் இருக்கிறது.